மேடைக்கு அழைக்கும் ஒரு நிமிடம்

சிறப்புப் பேச்சாளரை அறிமுகப்படுத்தும் தாளை எழுதுகிறவர் ஒருவர், அதை மைக் முன் நின்று படிக்கிறவர் இன்னொருவர். கல்லூரித் துறை விழா, நூலக வாசகர் வட்டம், ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழா என்று எங்கே பார்த்தாலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். எழுதுகிறவர் சங்கத்தின் செயலாளராகவோ தமிழ் நன்றாக வரும் ஆசிரியராகவோ இருப்பார். படிக்கிறவர் நிகழ்ச்சித் தொகுப்பாளர். பல கல்லூரிகளில், குரல் நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்த ஒரு மாணவிதான் தொகுப்பாளர். பேச்சாளரை அந்த மாணவி முன்பின் பார்த்திருக்க மாட்டார். விழா தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் தாள் அவர் கைக்கு வரும். அதில் என்ன இருக்கிறதோ அதுவே அரங்கில் ஒலிக்கும், நல்லதானாலும் பிசகானாலும்.

அந்தத் தாளில் வழக்கமாக இருப்பது பேச்சாளரின் பயோடேட்டா. அவரிடம் கேட்டு வாங்கியதை அப்படியே தட்டச்சு செய்து, முன்னால் ஒரு வணக்கமும் பின்னால் 'அன்புடன் அழைக்கிறோம்' என்ற ஒரு வரியும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பயோடேட்டா கண்ணுக்காக எழுதப்படுவது. கண் வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் தாண்டிப் போகும். காதுக்கு அந்த வசதி கிடையாது. வருகிற வரிசையில் எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும், முடியாதபோது மொத்தத்தையும் விட்டுவிடும். அறிமுகம் நடக்கும்போது மேடையைப் பார்க்காமல் நாற்காலிகளைப் பார்த்தால் இது தெரியும். மூன்றாவது விருதின் பெயர் வரும்போது தலைகள் குனிந்து கைபேசிக்குப் போகின்றன. அவை திரும்ப நிமிர்வது பேச்சாளர் எழுந்து வந்த பிறகுதான். அவருடைய முதல் இரண்டு மூன்று வாக்கியங்கள் அந்த நிமிர்தலிலேயே வீணாகிவிடுகின்றன.

ஆகவே எழுத உட்காரும்போது முதலில் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் என்றால் தமிழில் எவ்வளவு? மேசையில் உட்கார்ந்து தனக்குள் படிப்பதைவிட அரங்கில் மைக் முன் படிப்பது மெதுவாக இருக்கும், இருக்கவும் வேண்டும். பெரிய கூடத்தில் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதற்கு இடம் விட்டுப் பேசினால்தான் கடைசி வரிசைக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் சொற்களை மட்டும் எண்ணினால் கணக்கு தவறும். 'இருக்கிறார்' என்பதும் ஒரு சொல், 'பணியாற்றிக்கொண்டிருக்கிறார்' என்பதும் ஒரு சொல். நான் செய்வது இதுதான்: புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணுவேன். நிதானமாகப் படிக்கும் குரலில் விநாடிக்கு ஐந்து எழுத்து போகும். வாக்கியங்களுக்கு நடுவே விடும் மூச்சையும் கழித்தால் ஒரு நிமிடத்துக்கு 250 எழுத்துகளை ஒட்டி வரும். சொல்லாகச் சொன்னால் எண்பதிலிருந்து தொண்ணூறு. எண்ணச் சலிப்பாக இருந்தால் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். மனத்துக்குள் படித்துப் பார்த்து ஒரு நிமிடம் என்று முடிவு செய்தால் மேடையில் அது ஒன்றரை நிமிடமாகும்.

இந்த 250 எழுத்து எவ்வளவு சிறிய இடம் என்பது ஆண்டுகளை எழுதும்போதுதான் புரியும். தாளில் 1977 என்று நான்கே இலக்கம். வாயில் அது 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு'. புள்ளி எழுத்துகளை விட்டால் பதினான்கு எழுத்து, ஏறத்தாழ மூன்று விநாடி. பயோடேட்டாவில் ஏழு ஆண்டுகள் இருந்தால் நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு அவற்றுக்கே போய்விடும். கேட்டவர் மனத்தில் அவற்றில் ஒன்றாவது தங்குமா என்றால், தங்காது. 'சென்ற ஆண்டு', 'நாற்பது ஆண்டாக', 'அப்போது அவருக்கு முப்பது வயது' என்று சொன்னால் இடமும் மிச்சம், கேட்பவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்க்கலாம். 2004ஆம் ஆண்டு, கரூரில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை, கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனைப் பேச அழைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். நிகழ்ச்சி கற்பனைதான், மனிதரும் அவர் செய்த வேலையும் மெய். அவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு நிமிடத்துக்குள் அடங்காத அளவு விஷயம் இருக்கிறது. சின்னக் குறிப்பை ஒரு நிமிடமாக்குவது எளிது. பெரியதைச் சுருக்கும்போதுதான் எதை விடுவது என்ற கேள்வி கையைக் கட்டிப்போடும்.

பயோடேட்டாவை அப்படியே வாக்கியமாக்கினால் எப்படி வரும் என்று முதலில் பாருங்கள்.

'1930ஆம் ஆண்டு பிறந்து, 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, மத்திய மாநில அரசுகளில் பல்வேறு உயர் பொறுப்புகளை வகித்து, 1970இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையைப் பெற்று, 1977இல் சிந்து எழுத்துகளின் தொகுப்பையும் சொல்லடைவையும் வெளியிட்டு, 1987 முதல் 1991 வரை தினமணி நாளிதழின் ஆசிரியராகத் திறம்படப் பணியாற்றி, 2003இல் தொன்மைத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய ஆங்கில நூலை எழுதி வெளியிட்ட, அறிமுகம் தேவையில்லாத ஆய்வறிஞர் உயர்திரு ஐராவதம் மகாதேவன் அவர்களை உரையாற்ற வருமாறு அன்புடன் அழைக்கிறோம்.'

இதில் தகவல் எதுவும் தவறில்லை. ஆனாலும் காதுக்கு ஆகாது, ஏனென்றால் இது ஒரே வாக்கியம். 'பிறந்து, சேர்ந்து, வகித்து, பெற்று' என்று எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போய், முற்றுவினைக்காகக் கடைசி வரை காத்திருக்க வைப்பது தமிழ் வாக்கியத்தின் இயல்பு. எழுத்தில் அது அழகாகவே இருக்கும். மேடையில் கேட்கிறவர் ஒவ்வொரு துண்டையும் கையில் பிடித்துக்கொண்டு 'அழைக்கிறோம்' வரும்வரை நிற்க வேண்டியிருக்கிறது. படிக்கிற மாணவிக்கும் மூச்சுவிட இடமில்லை. பாதியில் மூச்சு முட்டி அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே பொருள் உடையும். 'தினமணி நாளிதழின்' என்று சொல்லி மூச்சு வாங்கிவிட்டு 'ஆசிரியராக' என்று தொடர்வார்.

அதனால் எச்சங்களை முற்றாக்க வேண்டும். 'சேர்ந்து' என்பது 'சேர்ந்தார்' ஆகட்டும், ஒரு செய்திக்கு ஒரு வாக்கியம் போதும். குழந்தைத்தனமாகத் தோன்றுமோ என்ற பயம் எழுதுகிறவருக்கு வரும். தாளில் அப்படித் தோன்றத்தான் செய்யும். மைக்கில் தோன்றாது, தெளிவாக இருக்கும்.

அடுத்தது, எதை எடுப்பது. இங்கே எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பேச்சாளர் செய்தவற்றில் பெரியது எது என்று தேடக்கூடாது. அன்றைய தலைப்புக்கும் அன்று எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடுவே பாலமாக நிற்பது எது என்று தேட வேண்டும். மேடைப் பேச்சுக் கலையைப் பற்றி எழுதிய அமெரிக்கர் டேல் கார்னகி, அறிமுகத்தில் முதலில் பொருள், பிறகு அந்தப் பொருள் இந்தக் கூட்டத்துக்கு ஏன் வேண்டும் என்பது, அதற்கும் பிறகுதான் பேச்சாளர் என்று ஒரு வரிசை சொல்லிப் போயிருக்கிறார். நம் மேடைகளில் பெரும்பாலும் ஆள் மட்டும்தான் இருக்கிறார், பொருளைக் காணோம்.

கரூர்க் கூட்டத்துக்கு அந்தப் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. புகலூரில் ஆறுநாட்டார் மலை என்று ஒரு குன்று. அதன் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. சேர அரச குடும்பத்தில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் அதில் வருகின்றன. அறுபதுகளில் மகாதேவன் அதைப் படித்து விளக்கியபோது, பதிற்றுப்பத்துச் சேரர்களுக்குக் கல்லில் ஒரு சான்று கிடைத்தது. இதைவிட நல்ல தொடக்கம் அந்த ஊருக்குத் தேவையில்லை. அதே பேச்சு மதுரையில் நடந்தால் புகலூரை எடுத்துவிட்டு மாங்குளத்தை வைக்கலாம், அங்குள்ள கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. பத்திரிகையாளர் கூட்டம் என்றால் தினமணி ஆசிரியர் பொறுப்பு முன்னால் வரும், குகை பின்னால் போகும். கணினித் துறையினர் என்றால், எழுபதுகளிலேயே சிந்து எழுத்துகளின் சொல்லடைவைக் கணினியில் தயாரித்தவர் என்று தொடங்கலாம். மனிதர் ஒருவரே. தாள் ஊருக்கு ஊர், அவைக்கு அவை மாறும். ஒரே அறிமுகத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பிவைக்கும் பேச்சாளர்கள் உண்டு. அதை வாங்கி அப்படியே படிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இனி எழுதிய தாள். சாய்கோடு இருக்கும் இடத்தில் படிக்கிறவர் மூச்சுவிட வேண்டும்.

'கரூருக்குப் பக்கத்தில், புகலூர் மலைக் குகையில், கல்லில் வெட்டிய சில வரிகள் இருக்கின்றன. / அவற்றில் சேர அரச குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்கள் உள்ளன. / தாத்தா, மகன், பேரன். / சங்கப் பாடல்களில் நாம் படிக்கும் அந்தச் சேரர்கள் கல்லிலும் இருக்கிறார்கள். / அந்த எழுத்தைப் படித்துச் சொன்னவர் இன்று நம்மோடு இருக்கிறார். / அப்போது அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. / அலுவல் ஒரு பக்கம், குகைகளைத் தேடும் பயணம் ஒரு பக்கம். / பின்னாளில் தினமணியின் ஆசிரியரானார். / கல்லை அவர் விடவில்லை. / நாற்பது ஆண்டு உழைப்பு, சென்ற ஆண்டு ஒரே புத்தகமாக வந்திருக்கிறது. / அந்தக் குகைகளில் தங்கியவர்கள் யார்? / அவர்கள் எழுதிய தமிழ் எப்படி இருந்தது? / நம் ஊரைப் பற்றி அது என்ன சொல்கிறது? / இன்றைய பேச்சின் பொருள் அதுதான். / பேச வருகிறார், / ஐராவதம் மகாதேவன் அவர்கள்.'

தொண்ணூறு சொல்லுக்குள் அடங்குகிறது. நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடம். பயோடேட்டாவில் இருந்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது: பிறந்த ஆண்டு, நேரு நல்கை, அரசுப் பொறுப்புகள், சிந்து எழுத்து ஆய்வு. சிந்து எழுத்தை விடுவதுதான் கடினமாக இருந்தது. உலக அளவில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலைகளில் அது முக்கியமானது. ஆனால் அன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல. அதைச் சொன்னால் கேட்பவர் மனம் மொஹஞ்சதாரோவுக்குப் போய்விட்டுத் திரும்பிவர நேரமாகும். அழைப்பிதழிலும் சுவரொட்டியிலும் அதற்கு இடமிருக்கிறது, அங்கே இருக்கட்டும்.

வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது ஒன்றும் உண்டு. அந்தக் குகைக் கல்வெட்டு ஒரு சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி. சேர இளவரசன் இளங்கோ ஆனபோது நடந்த கொடை அது. கேட்டவுடன் ஆர்வம் பற்றிக்கொள்ளும் செய்திதான், அறிமுகத்தில் வைக்க யாருக்கும் ஆசை வரும். வைக்கக் கூடாது. அது பேச்சாளருடைய சொத்து. அவர் அரை மணி நேரம் அடுக்கிவந்து உடைக்க வேண்டியதை நாம் முன்னாலேயே உடைத்துவிட்டால் அவர் எதைக் கொண்டு தொடங்குவார்? ஆகவே 'தங்கியவர்கள் யார்?' என்று கேள்வியாக மட்டும் வைத்து, பதிலை அவருக்கு விட்டிருக்கிறேன். என்னென்ன சொல்லப் போகிறார் என்பதைப் பேச்சாளரிடம் முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிட்டால், எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்துவிடும்.

'படித்துச் சொன்னவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். 'முதன்முதலில் படித்தவர்' என்று எழுதவில்லை. அறிமுகத் தாள்களில் அதிகம் சேதம் செய்யும் சொல் 'முதல்'தான். குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று மகாதேவனுக்கு வெகு முன்பே, 1924இல், கே.வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டிவிட்டார். மகாதேவன் அந்த எழுத்து முறையைத் தெளிவாக்கி, கல்வெட்டுகளை மலை மலையாகச் சென்று சரிபார்த்து, ஒரு முழுமையான தொகுப்பாகத் தந்தவர். இது சின்ன வேலை அல்ல, ஆனால் 'முதல்' என்ற சொல் இதற்குப் பொருந்தாது. அரங்கில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு சொல்லிலேயே தாளின் மேல் நம்பிக்கை போய்விடும். பேச்சாளரும் கூச்சப்பட்டு, 'அறிமுகத்தில் ஒரு சின்னத் திருத்தம்' என்று தொடங்க நேரும். பேச்சாளர் திருத்தத்தில் தொடங்கினால், அறிமுகம் தோற்றுவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. 'முதல்', 'ஒரே', 'மிகப் பெரிய', 'உலகப் புகழ்பெற்ற' ஆகிய சொற்கள் தாளில் எங்கே வந்தாலும் பென்சிலால் வட்டமிட்டு, ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடித்துவிட வேண்டும். பெரும்பாலும் அடித்த பிறகு வாக்கியம் இன்னும் நன்றாகவே இருக்கும்.

புகழ்ச்சியைப் பற்றியும் இதையே சொல்வேன். தாளில் மகாதேவனை ஒரு சொல்லால்கூடப் புகழவில்லை. 'அலுவல் ஒரு பக்கம், குகைகளைத் தேடும் பயணம் ஒரு பக்கம்' என்பதைக் கேட்கிறவர், அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதைத் தானே முடிவு செய்துகொள்வார். 'அயராத உழைப்பாளி' என்று நாம் சொன்னால் அது நம்முடைய கருத்து. எல்லா மேடையிலும் எல்லாருக்கும் சொல்லப்படுவது என்பதால் அதற்கு எடையும் இல்லை. 'அறிமுகம் தேவையில்லாதவர்' என்ற வரியை இனி யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரங்கில் அவரை அறியாத ஒரு முதலாமாண்டு மாணவன் இருப்பான். அந்த வரி அவனை வெளியே நிறுத்துகிறது.

பெயரை ஏன் கடைசியில் வைத்தேன் என்பதையும் விளக்க வேண்டும். பெயர் ஒலித்த கணத்தில் கைதட்டல் எழும், அந்தத் தட்டலில் பேச்சாளர் நாற்காலியிலிருந்து எழுந்து மைக் வரை நடந்து வருவார். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி அறிமுகத்தில் ஒரு அரைகுறைத் தட்டல் வரும், பேச்சாளர் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் தவிப்பார். தமிழில் இதற்கு ஒரு தடங்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், 'மகாதேவன் அவர்களைப் பேச வருமாறு அழைக்கிறோம்' என்றுதான் கை தானாக எழுதும். அப்போது பெயருக்குப் பிறகு நான்கு சொற்கள் மிஞ்சும், தட்டல் அவற்றின்மேல் விழுந்து அமுங்கும். அதனால் வினையை முன்னால் தள்ளி, 'பேச வருகிறார்' என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பெயரைச் சொல்வது. பேச்சுவழக்கில் நாம் சாதாரணமாகச் செய்வதுதான், தாளில் எழுதத்தான் கை தயங்குகிறது. மரியாதைக்கு 'அவர்கள்' ஒன்று போதும். திரு, உயர்திரு, மாண்புமிகு, ஐயா, அவர்கள் என்று ஒரே பெயரைச் சுற்றி எல்லாவற்றையும் வைத்தால் பெயர் நடுவில் காணாமல் போகும்.

மேடையில் இருக்கிற ஒவ்வொருவரையும் விளித்து வணக்கம் சொல்வது வரவேற்புரையின் வேலை. அது முடிந்த பிறகுதான் அறிமுகம் வருகிறது என்பதால், தாளில் வணக்கத்தைத் திரும்பப் போட வேண்டியதில்லை. 'மதிப்பிற்குரிய' என்ற சொல் ஆறு எழுத்து. ஐந்து பேரை அப்படி விளித்தால் அவர்கள் பெயர், பதவியோடு சேர்த்து அரை நிமிடம் போய்விடும். விழாக் குழு வற்புறுத்தினால் 'அவையோர்க்கு வணக்கம்' என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுதி முடித்த தாள் படிக்கிறவருக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது தனி வேலை. இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். தொகுப்பாளரை உட்கார வைத்து ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே தாளில் குறி போட வேண்டும், திரும்பப் படித்துப் பழகச் சொல்லக் கூடாது. அறையில் தடுக்கிய சொல் மேடையில் கட்டாயம் தடுக்கும், ஆகவே சொல்லைத்தான் மாற்ற வேண்டும். 'தொல்லெழுத்தியல்' என்பதில் ஒரு மாணவி தடுக்கினால் 'பழைய எழுத்துகளைப் படிக்கும் கலை' என்று எழுதிவிடலாம், கேட்கிறவர்களுக்கும் அது நல்லதே. எழுதுகிறவருடைய 'நான்' தாளுக்குள் வரக் கூடாது என்பதையும் இந்த வாசிப்பில்தான் கண்டுபிடிப்போம். 'எனக்கு இவரைப் பல ஆண்டுகளாகத் தெரியும்' என்று ஒரு பேராசிரியர் எழுதிய வரியை இருபது வயது மாணவி படித்தால் அரங்கு சிரிக்கும்.

பெயர் உச்சரிப்பைப் பேச்சாளரிடமே கேட்டுவிடுவது நல்லது. தமிழ் எழுத்தில் ஒரே 'ப' இரண்டு விதமாக ஒலிக்கும், 'க', 'த' ஆகியவையும் அப்படித்தான். பழகிய பெயரில் சிக்கலில்லை. வெளி மாநிலத்தவர், வெளிநாட்டவர் பெயரில் ஊகம் உதவாது. அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து தொகுப்பாளருக்கு அனுப்பினால் போதும். பெண் பேச்சாளர் என்றால் திருமதி, செல்வி இரண்டையும் நாமாகப் போடக் கூடாது. அவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று கேட்க வேண்டும், பெயரோடு 'அவர்கள்' மட்டும் சேர்த்தாலே பெரும்பாலும் போதுமானது. முனைவரா, மருத்துவரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் குறிப்பு பல நேரம் பழையது. அதில் உள்ள பதவியிலிருந்து அவர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியிருக்கலாம். மகாதேவனுக்கே பத்மஸ்ரீ விருது 2009இல்தான் வந்தது. 2004இல் எழுதிய நம் தாளை 2010இல் யாராவது எடுத்துப் படித்திருந்தால் அது விடுபட்டிருக்கும், 'சென்ற ஆண்டு' வந்த புத்தகமும் ஏழாண்டு பழையதாகியிருக்கும்.

தாளின் உருவத்திலும் கவனம் வேண்டும். எழுத்து பெரிதாக, 16 அல்லது 18 புள்ளி அளவில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்கினால், நிமிர்ந்து அவையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கண்ணுக்கு இடம் தப்பாது. எண் வரும் இடத்தில் இலக்கம் வேண்டாம், சொல்லாக எழுதுங்கள். கைபேசித் திரையிலிருந்து படிக்கலாமே என்பார்கள். நடுவில் அழைப்பு வரும், திரை அணைந்துபோகும். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் தொகுப்பாளரிடமும் இன்னொன்றை மேடைப் பக்கம் நிற்கும் ஒருவரிடமும் கொடுத்துவைப்பது பாதுகாப்பு.

பெயரைச் சொன்ன பிறகு தொகுப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தாளின் அடியிலேயே எழுதிவிடலாம். முதலில் அவர்தான் கைதட்ட வேண்டும், அப்போதுதான் அரங்கு தட்டும். பேச்சாளர் மைக்குக்கு வந்து சேரும்வரை அங்கேயே நிற்க வேண்டும், அவர் வந்ததும் ஒதுங்கி, அவர் வந்த வழிக்கு எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும். பொன்னாடை போர்த்துவதும் நினைவுப் பரிசு தருவதும் அறிமுகத்துக்கு முன்னாலோ பேச்சு முடிந்த பிறகோ இருக்கட்டும். அறிமுகத்துக்கும் பேச்சுக்கும் நடுவே புகைப்படக்காரர்கள் ஏறி இறங்கினால் ஒரு நிமிடமாகச் சேர்த்த கவனம் முழுதும் கலைந்துவிடும்.

கடைசியாக, நம் விழாக்கள் நேரத்துக்குத் தொடங்குவதில்லை. தலைமையுரை நீண்டு, வாழ்த்துரைக்கு ஒருவருக்கு இருவராகப் பேசி, அறிமுகம் வரும்போது செயலாளர் மேடையோரத்தில் நின்று 'சுருக்கமா, சுருக்கமா' என்று கைகாட்டுவார். அப்போது தொகுப்பாளர் தானாக வெட்டத் தொடங்கினால் பொருளை வெட்டிவிட்டு விருதை மிச்சம் வைப்பார். எதை விடலாம் என்பதை எழுதுகிறவரே முன்கூட்டிச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கரூர்த் தாளில் 'அப்போது அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி' என்பதிலிருந்து 'புத்தகமாக வந்திருக்கிறது' வரை அடைப்புக்குள் போகும். மூன்று கேள்விகளில் முதல் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதே அடைப்புக்குள் தள்ளலாம். மீதி இருப்பது குகை, மூன்று தலைமுறைச் சேரர்கள், அதைப் படித்துச் சொன்னவர், ஒரு கேள்வி, அவர் பெயர். முப்பத்தைந்து விநாடிக்குள் படித்துவிடலாம்.